ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்து ஊர்ப்பெயர்களும் ஆவண இணைப்பும்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம் காஞ்சிபுரம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் அமைந்த தொழிற்பகுதியாகும். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் ஆகிய இடங்களில் சிப்காட் தொழிற்பூங்காக்கள் உள்ளன. 1990களின் பிற்பகுதி வரை ஏரிப்பாசன வேளாண்மையை நம்பியிருந்த இவ்வூர்களைப் பற்றி ஏறத்தாழ 250 ஆண்டுக்கால ஆவணங்கள் உள்ளன. அவற்றில் ஒரு பகுதி தமிழிலும் மற்றொரு பகுதி ஆங்கிலத்திலும் எழுதப்பட்டது. ஓர் ஊரின் ஏரி எவ்வளவு பரப்பு கொண்டிருந்தது, எந்த நிலம் எப்போது தொழிற்சாலைக்குச் சென்றது, அங்கு எத்தனை குடும்பங்கள் இருந்தன என்பன போன்ற கேள்விகளுக்கு விடை காண இவ்வாவணங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் படிக்க வேண்டும். ஆனால் ஒரே ஊரின் பெயர் ஆவணத்துக்கு ஆவணம் வேறுபட்ட எழுத்தில் காணப்படுகிறது.

இவ்வேறுபாட்டைக் களைந்து, வெவ்வேறு ஆவணங்களில் உள்ள ஒரே ஊரின் பதிவுகளைச் சேர்ப்பதே ஊர்ப்பெயர் வழி ஆவண இணைப்பு எனப்படுகிறது. எழுத்து வேறுபாடே இதன் பெரிய இடர் என்று முதற்பார்வையில் தோன்றும. இவ்வட்டாரத்தின் அனுபவம் வேறு விதமாக உள்ளது. நான்கு விதமாக எழுதப்படும் இருங்காட்டுக்கோட்டையை இணைப்பது எளிது. எல்லா இடத்திலும் ஒரே விதமாக எழுதப்படும் ஒரகடத்தை இணைப்பதில்தான் தவறு நேர்கிறது.

## ஆவண அடுக்குகள்

1763ஆம் ஆண்டு ஆற்காட்டு நவாப் முகம்மது அலி, பின்னாளில் செங்கல்பட்டு மாவட்டமாக அமைந்த நிலப்பகுதியை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகிராக வழங்கினார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் கம்பெனிக்காக இந்த ஜாகிரை அளந்து, ஊர்வாரியாக விவரம் தொகுத்தார். சுமார் 2,000 ஊர்கள் இதில் அடங்கும். நிலத்தின் மொத்தப் பரப்பு, நன்செய், புன்செய், ஏரி, தோப்பு, குடியிருப்பு, மானியங்கள், வீடுகளின் எண்ணிக்கை ஆகியவை ஊர்தோறும் பதிவாயின.

இந்தத் தொகுப்பு இரு வடிவங்களில் எஞ்சியுள்ளது. கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதிய தமிழ்க் கணக்குகள் ஒரு வடிவம். அவற்றிலிருந்து சுருக்கி எழுதப்பட்ட ஆங்கிலப் பதிவேடுகள் மற்றொரு வடிவம். ஆங்கிலப் பதிவேடுகள் சென்னையில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், ஓலைகள் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் உள்ளன. தரம்பால் இவ்வாவணங்களின் பக்கம் ஆய்வாளர்களின் கவனத்தைத் திருப்பினார். சென்னையிலுள்ள கொள்கை ஆய்வு மையம் திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரு ஊர்களின் ஓலைக் கணக்குகளை 2001ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டது. ஜப்பானிய வரலாற்றாசிரியர் சுகாசா மிசுஷிமா இப்பகுதியின் 18ஆம் நூற்றாண்டு ஊர்ப்பதிவுகளைப் பிற்கால ஆவணங்களோடு பொருத்தி ஆராய்ந்துள்ளார்.

இதற்கு மேல் உள்ள அடுக்குகள் பின்வந்தவை. 19ஆம் நூற்றாண்டில் நில அளவைத் துறை ஊர்தோறும் புல எண்களை வழங்கியது. 1871 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் நடைபெற்றன. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டன. அதன் பின்னர் கணினிச் சிட்டாவும் அ-பதிவேடும் வந்தன. தொழிற்பூங்காக்களுக்கு நிலம் எடுத்தபோது வெளியான அரசிதழ் அறிவிப்புகள் கடைசி அடுக்காகும்.

வருவாய்த் துறையின் ஆவணங்கள் பெரும்பாலும் தமிழில் உள்ளன. கணக்கெடுப்பின் ஊர்ப்பட்டியல்களும் பழைய நிலப்படங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. ஆகவே ஓர் ஊரின் வரலாற்றைத் தொடர்ச்சியாக எழுத முனைபவர் இரு எழுத்துகளுக்கும் இடையே பலமுறை கடந்து செல்ல வேண்டியுள்ளது.

## பெயர் மாறும் இடங்கள்

தமிழ் எழுத்திலிருந்து ஆங்கில எழுத்துக்குப் பெயர் செல்லும்போது சில வேறுபாடுகள் தொலைகின்றன. ஸ்ரீபெரும்புதூரை அடுத்துள்ள போந்தூர் இதற்கு எடுத்துக்காட்டு. ஆங்கிலத்தில் இது `Pondur` என எழுதப்படுகிறது. இந்த ஆறு எழுத்துகளை மட்டும் பார்ப்பவர் `o` என்பது ஒகரமா ஓகாரமா என்றும், `d` என்பது தகரமா டகரமா என்றும், `u` குறிலா நெடிலா என்றும் அறிய முடியாது. பொந்தூர், போண்டூர், பொண்டூர் என்று எப்படியும் படிக்கலாம். தமிழில் தெளிவாக உள்ள மூன்று வேறுபாடுகள் ஆங்கிலத்தில் மறைந்துவிட்டன.

எதிர்த்திசையிலும் இழப்பு உண்டு. தமிழில் ககரம் ஒன்றே வல்லொலிக்கும் மெல்லிய ஒலிக்கும் நிற்பதால், ஆங்கிலத்தில் எழுதுபவர் ஒவ்வொரு முறையும் `k` அல்லது `g` என்று தாமே முடிவு செய்கிறார். தகரம் `t`, `th`, `d`, `dh` என நான்கு வகையாக மாறலாம். இரட்டித்து வரும் மெய்யை ஒருவர் இரண்டாக எழுதுவார், மற்றொருவர் ஒன்றாக எழுதுவார். இருங்காட்டுக்கோட்டை `Irungattukottai`, `Irungattukkottai`, `Irrungattukottai`, `Irungkattukottai` எனப் பல வடிவம் பெறுவது இதனால்தான்.

ஓலையில் எழுதப்பட்ட தமிழுக்கும் தனிச் சிக்கல் உண்டு. ஓலையில் புள்ளி வைப்பது வழக்கமில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் ஒரே குறியீடு பயன்பட்டது. காலும் ரகரமும் ஒரே உருவில் இருந்தன. இன்று நாம் எழுதும் நெடிற்குறிகள் வீரமாமுனிவர் காலத்துச் சீர்திருத்தமாகக் கருதப்படுகின்றன. அச்சு நூல்களின் வழியாகவே அவை பரவலாயின. ஆகவே ஓலையில் போந்தூர் என்ற பெயர் "பொநதூர" என்ற தோற்றத்தில் இருக்கும். தகரம் ஐயமின்றித் தெரியும். முதலெழுத்தின் குறில் நெடில் தெரியாது.

ஆங்கிலப் பதிவேட்டின் எழுத்தர் பெயரைக் காதால் கேட்டு எழுதியிருந்தால், ஓலை காட்டாத நெடிலை அவருடைய எழுத்து சில வேளைகளில் காட்டிவிடும். ஓலை காட்டும் தகரத்தை அவருடைய எழுத்து காட்டாது. இரு வடிவங்களும் தனித்தனியே குறையுடையவை. ஆனால் அவற்றின் குறைகள் வெவ்வேறு இடங்களில் உள்ளன. இணைத்துப் படிப்பதன் பயனும் இதுவே.

18ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்துமுறை இன்றைய முறையிலிருந்து வேறுபட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அக்காலத்தவர் ஈகாரத்துக்கு `ee`, ஊகாரத்துக்கு `oo`, ஆகாரத்துக்குப் பல வேளைகளில் `au` எழுதினர். நுங்கம்பாக்கம் `Nungumbaukum` ஆனது இப்படித்தான். பாக்கம் என முடியும் ஊர்கள் நிறைந்த இவ்வட்டாரத்தில், `-paukum`, `-baukum` என்ற முடிவுகளைக் கண்டால் அவற்றைப் பாக்கம் என்றே கொள்ளலாம்.

## புள்ளலூர்: ஒரு போரின் முகவரி

பெயர் இணைப்பின் பயனை இவ்வட்டாரத்துக்குச் சற்று மேற்கே, காஞ்சிபுரத்துக்கு வடக்கே உள்ள புள்ளலூரில் காணலாம். 1780 செப்டம்பர் 10 அன்று ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் படைகள் கர்னல் வில்லியம் பெய்லியின் கம்பெனிப் படையை முறியடித்தன. ஆங்கில வரலாற்று நூல்கள் இதைப் `Pollilur` போர் என்று குறிப்பிடுகின்றன. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று அதே இடத்தில் சர் அயர் கூட் தலைமையில் மற்றொரு போர் நடந்தது.

`Pollilur` என்பதைப் பார்த்துப் பொல்லிலூர் என்றோ பொள்ளிலூர் என்றோ தமிழாக்கியவர்கள் உண்டு. அப்பெயரில் வருவாய்த் துறையின் பட்டியலில் ஊர் கிடைக்காது. மெய்யெழுத்துகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் `Pollilur` என்பதில் ப, ல, ல, ர என்ற வரிசை உள்ளது. லகர ளகர வேறுபாட்டை ஆங்கிலம் காட்டாது என்பதை நினைத்தால் புள்ளலூரிலும் அதே வரிசை காணப்படுகிறது. போரில் இறந்த ஆங்கில அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் புள்ளலூரில் நிற்பது இவ்விணைப்பை உறுதி செய்கிறது.

இந்த இணைப்பு கிடைத்ததும் மற்றொரு கதவும் திறக்கிறது. பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மனின் காசாக்குடிச் செப்பேடு, முதலாம் மகேந்திரவர்மன் தன் பகைவர்களைப் புள்ளலூரில் வென்றதாகக் கூறுகிறது. அந்தப் பகைவர் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. 7ஆம் நூற்றாண்டுப் போரும் 18ஆம் நூற்றாண்டுப் போரும் ஒரே ஊரோடு தொடர்புடையவை என்பது `Pollilur` என்ற எழுத்தை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாமலே போய்விடும்.

இங்கே இணைப்பு இரு படிகளில் நடந்தது. பெயரின் மெய்யெழுத்து வரிசை ஓர் ஊரைச் சுட்டியது. பின்னர் நிலத்தில் நிற்கும் தூண் அதை உறுதி செய்தது. முதற்படியோடு நிறுத்திக்கொள்வதே பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம்.

## மெய்யெழுத்துச் சாவி

புள்ளலூருக்குச் செய்ததை ஒரு வட்டத்தின் எல்லா ஊர்களுக்கும் செய்ய ஒரு பொது விதி தேவை. இரு எழுத்துகளும் எவற்றைத் தவறாமல் காப்பாற்றுகின்றனவோ அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குவதே அந்த விதி. இவ்வாறு சுருக்கிய வடிவத்தைச் சாவி எனலாம்.

முதலில், அடுத்தடுத்து வரும் ஒரே மெய்யை ஒன்றாக்க வேண்டும். அடுத்து, பிரித்தறிய முடியாதவற்றை ஒரே எழுத்தாக்க வேண்டும். `k`, `g` இரண்டும் ககரத்துக்கான `K` ஆகும். `t`, `th`, `d` ஆகியவை, தமிழின் தகரம் டகரம் இரண்டோடும் சேர்ந்து, `T` ஆகும். `p`, `b` இரண்டும் `P` ஆகும். `s`, `ch`, `j` ஆகியவை `C` ஆகும். ல, ள, ழ மூன்றும் `L` ஆகவும், எல்லா நகரங்களும் ங, ஞ உட்பட `N` ஆகவும், ர, ற இரண்டும் `R` ஆகவும் மாறும். இறுதியாக உயிர்களை நீக்க வேண்டும். பெயர் உயிரில் தொடங்கினால் மட்டும் `A` என்ற குறியை முன்னே வைத்துக்கொள்ளலாம்.

படிகளின் வரிசை முக்கியமானது. செரப்பணஞ்சேரியில் ணகரமும் ஞகரமும் அருகருகே உள்ளன. உயிர்களை முதலில் நீக்கி, அதன் பின் இரட்டையை ஒன்றாக்கினால் இவ்விரண்டும் ஒன்றாகிவிடும். இரட்டையை முதலில் ஒன்றாக்கினால் இரண்டும் தனித்தனியே நிற்கும்.

| தமிழ் வடிவம் | ஆங்கில வடிவம் | சாவி |
|---|---|---|
| போந்தூர் | `Pondur`, `Ponthur` | `PNTR` |
| இருங்காட்டுக்கோட்டை | `Irungattukottai`, `Irrungattukottai` | `ARNKTKT` |
| பிள்ளைப்பாக்கம் | `Pillaipakkam`, `Pillapakkam` | `PLPKM` |
| செரப்பணஞ்சேரி | `Serappanancheri`, `Serapanancheri` | `CRPNNCR` |
| புள்ளலூர் | `Pollilur`, `Pullalur` | `PLLR` |

இந்தச் சாவி எல்லாவற்றையும் திறந்துவிடாது. காஞ்சிபுரத்தின் பழைய ஆங்கில வடிவமான `Conjeeveram` என்பதில் பகரத்தின் இடத்தில் வகரம் உள்ளது. பூந்தமல்லியின் `Poonamallee` வடிவத்தில் தகரமே இல்லை. இத்தகைய பெயர்களை விதியால் பிடிக்க முடியாது. அவற்றுக்கென ஒரு மாற்றுப்பெயர்ப் பட்டியலைக் கையால் எழுதி வைத்துக்கொள்வதே வழி. ஸ்ரீபெரும்புதூரும் இப்பட்டியலில் சேர வேண்டும். தமிழிலேயே அது திருப்பெரும்புதூர் என்றும் எழுதப்படுவதால் அதற்கு இரு சாவிகள் உருவாகும்.

மறுபுறம், சாவி தேவைக்கு மேலும் திறக்கும். ஒரகடத்துக்கு அருகிலுள்ள மாத்தூரின் சாவி `MTR`. மத்தூர் என்ற பெயருக்கும் அதே சாவிதான். மதுரைக்கும் அதுவே. பெயர் குறுகக் குறுக இந்த இடர் கூடுகிறது. எனவே சாவி ஒத்துப்போவது ஒரு பரிந்துரை மட்டுமே. அது சான்று ஆகாது.

## மூன்று ஒரகடங்கள்

ஒரகடம் என்ற பெயரில் எழுத்துச் சிக்கல் ஏதுமில்லை. ஆங்கிலத்தில் எங்கும் `Oragadam` என்றே எழுதப்படுகிறது. ஆனால் இப்பெயரில் குறைந்தது மூன்று இடங்கள் உள்ளன. தொழிற்பூங்காவுக்குப் பெயர்பெற்ற ஒரகடம் ஸ்ரீபெரும்புதூருக்குத் தெற்கே உள்ளது. மற்றொன்று திருக்கழுக்குன்றத்துக்கு அருகில் உள்ளது. மூன்றாவது அம்பத்தூரை ஒட்டியுள்ளது.

1997 ஜூலை 1 அன்று செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. அதற்கு முன் இம்மூன்று ஒரகடங்களும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. பிரிவினைக்குப் பின் அம்பத்தூர் ஒரகடம் திருவள்ளூர் மாவட்டத்துக்குச் சென்றது. அம்பத்தூர் வட்டம் 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. மற்ற இரண்டும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தொடர்ந்தன. 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமானபோதுதான் அவையும் பிரிந்தன. இதே நிலை மாம்பாக்கத்துக்கும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரை அடுத்து ஒரு மாம்பாக்கமும், வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் மற்றொரு மாம்பாக்கமும் உள்ளன. வல்லம் வடகாலின் வல்லத்துக்கும், மகேந்திரவர்மன் காலக் குடைவரைக் கோயில்களுக்குப் பெயர்பெற்ற செங்கல்பட்டு வல்லத்துக்கும் இதே உறவு.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் அடிப்படையில் அமைந்த ஓர் ஆங்கில ஊர்ப்பட்டியலையும், அதே காலத்து வருவாய்த் துறையின் தமிழ்ப் பட்டியலையும் ஒருவர் இணைப்பதாகக் கொள்வோம். அவர் மாவட்டத்தையும் ஊர்ப்பெயரையும் மட்டும் சாவியாக வைக்கிறார். ஆங்கிலப் பட்டியலில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இரண்டு `Oragadam` உண்டு. தமிழ்ப் பட்டியலிலும் இரண்டு ஒரகடம் உண்டு. கணினி ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடும் இணைத்து நான்கு வரிகளைத் தரும். அவற்றில் இரண்டு சரியானவை. மற்ற இரண்டும் திருக்கழுக்குன்றத்து மக்கள்தொகையைத் தொழிற்பூங்கா ஊரின் நிலப்பரப்போடும், தொழிற்பூங்கா ஊரின் மக்கள்தொகையைத் திருக்கழுக்குன்றத்து நிலத்தோடும் சேர்த்தவை. 1997க்கு முந்தைய பட்டியல்களாக இருந்தால் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது வரிகள் வரும்.

இத்தவறு எந்த எச்சரிக்கையும் தராது. எழுத்து ஒத்துப்போவதால் பட்டியலைக் கண்ணால் பார்ப்பவரும் ஐயப்பட மாட்டார். இருங்காட்டுக்கோட்டை இணையாமல் போனால் அது விடுபட்ட வரியாக வெளியே தெரியும். ஒருவர் அதைக் கையால் சேர்த்துவிடலாம். தவறாக இணைந்த ஒரகடம் சரியான ஒன்றைப் போலவே பட்டியலில் அமர்ந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. இணைப்பதற்கு முன் ஒரு பட்டியலில் எத்தனை வரிகள் இருந்தன, மொத்தப் பரப்பு எவ்வளவு என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இணைத்த பின் வரிகளோ பரப்போ கூடியிருந்தால், எங்கோ ஒரே பெயரில் பல ஊர்கள் உள்ளன என்று பொருள். அந்த ஊர்களை மட்டும் வெளியே எடுத்து, வட்டத்தின் பெயரையும் சாவியில் சேர்த்து மீண்டும் இணைக்க வேண்டும்.

வட்டத்தின் பெயரும் நிலையானதன்று. ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தின் ஒரு பகுதி பின்னர் குன்றத்தூர் வட்டமானது. படப்பை அதில் உள்ளது. எனவே 2011 பட்டியலில் ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் உள்ள ஓர் ஊர் இன்றைய பட்டியலில் வேறு வட்டத்தில் இருக்கலாம். இரு பட்டியல்களின் ஆண்டுகளையும் பார்த்து, இடையில் நடந்த எல்லை மாற்றங்களை ஒரு துணை அட்டவணையாக எழுதிக்கொண்ட பிறகே வட்டப்பெயரைச் சாவியாகப் பயன்படுத்த முடியும்.

## நிலம் தரும் சான்று

பெயர் பரிந்துரைத்ததை உறுதி செய்ய மூன்று சான்றுகள் பயன்படுகின்றன. முதலாவது அண்டை ஊர்கள். ஓர் ஊரின் எல்லையில் உள்ள ஊர்களின் பெயர்கள் பழைய ஆவணத்திலும் இன்றைய வரைபடத்திலும் ஒத்திருந்தால், அவ்வூரின் பெயர் எப்படி எழுதப்பட்டிருந்தாலும் இணைப்பு உறுதியாகிறது. மாத்தூர், வைப்பூர், சென்னக்குப்பம் ஆகியவற்றின் அருகே வரும் ஒரகடம் திருக்கழுக்குன்றத்து ஒரகடமாக இருக்க முடியாது.

இரண்டாவது சான்று பரப்பு. பழைய கணக்குகளில் பரப்பு காணியில் உள்ளது. சென்னை வட்டாரத்தில் நிலைபெற்ற காணி 24 அடிக் கோலால் அளந்த 100 குழி. அதாவது 57,600 சதுர அடி, சுமார் 1.32 ஏக்கர். ஒரு பழைய கணக்கில் ஊரின் பரப்பு 300 காணி என்று இருந்தால் அது ஏறத்தாழ 397 ஏக்கர், அல்லது 160 எக்டேர். இன்றைய அ-பதிவேட்டில் அவ்வூரின் மொத்தப் பரப்பு 155 எக்டேராக இருந்தால் இணைப்பு நம்பத்தக்கது. 420 எக்டேராக இருந்தால், வேறு ஊராக இருக்கலாம், அல்லது இரண்டு மூன்று ஊர்கள் பின்னர் ஒன்றாக்கப்பட்டிருக்கலாம். பழைய காலத்தில் அளவுகோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறியதால் சிறிய வேறுபாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மூன்றாவது சான்று புல எண். நிலமெடுப்பு அறிவிப்பில் வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு, பரப்பு ஆகியவை வரிசையாகத் தரப்படும். புல எண்கள் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும் 1இலிருந்து தொடங்குவதால், ஓர் எண் ஒத்துப்போவதற்குப் பொருள் இல்லை. எல்லா ஊரிலும் ஒரு 25ஆம் எண் இருக்கும். ஆனால் ஐந்தாறு புல எண்களும் அவற்றின் பரப்புகளும் சேர்ந்து ஒத்துப்போனால் அது தற்செயலாக இருக்க முடியாது. பழைய அறிவிப்புகளில் பரப்பு ஏக்கர், செண்டிலும், புதிய பதிவேடுகளில் எக்டேர், ஏரிலும் இருக்கும். 1 எக்டேர் 2.47 ஏக்கர் என்று மாற்றியே ஒப்பிட வேண்டும். 1979–87 மேம்பாட்டுத் திட்டத்தில் பல உட்பிரிவுகள் மாறியுள்ளதால், உட்பிரிவு எண் ஒத்துப்போகாவிட்டால் அதன் தாய்ப் புல எண்ணின் மொத்தப் பரப்பைப் பார்க்க வேண்டும்.

இவற்றோடு அலகும் ஒன்றாக இருக்க வேண்டும். வருவாய்க் கிராமம், ஊராட்சி, குக்கிராமம் ஆகிய மூன்றும் ஒரே பெயரைக் கொண்டிருக்கலாம். ஓர் ஊராட்சியில் பல வருவாய்க் கிராமங்கள் அடங்கியிருக்கலாம். ஊராட்சியின் மக்கள்தொகையை அதே பெயருள்ள வருவாய்க் கிராமத்தின் பரப்பால் வகுத்தால் கிடைக்கும் அடர்த்தி பொருளற்றது.

## கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு

ஆவணங்கள் கணினிக்கு வந்த பிறகு, தமிழுக்கும் தமிழுக்கும் இடையிலேயே ஒரு புதிய வேறுபாடு தோன்றியது. ஸ்ரீபெரும்புதூரின் முதலெழுத்தை ஒருங்குறியில் இரு வழிகளில் தட்டச்சு செய்யலாம்.

```
ஸ்ரீ = U+0BB8 U+0BCD U+0BB0 U+0BC0
ஶ்ரீ = U+0BB6 U+0BCD U+0BB0 U+0BC0
```

பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவில் தெரியும். ஆனால் கணினிக்கு இவை வெவ்வேறு சொற்கள். வட்டத்தின் பெயரைச் சாவியில் சேர்த்தவர், ஸ்ரீபெரும்புதூர் வட்டம் முழுவதும் இணையாமல் போவதைக் காணக்கூடும். ஒருங்குறியின் `NFC` இயல்பாக்கம் ஒகரக் குறியைப் பிரித்து எழுதிய வேறுபாட்டைச் சரிசெய்யும். மேற்கண்ட இரு ஸ்ரீகளையும் அது ஒன்றாக்காது. இணைக்கும் முன் ஒன்றை மற்றொன்றாக மாற்றிவிட வேண்டும்.

## எழுத்தைத் திருத்தும் முயற்சியும் ஊர் எண்ணும்

2020 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் ஆணையை வெளியிட்டது. கோயம்புத்தூர் `Koyampuththoor` ஆவதாக இருந்தது. எழுத்துமுறை பற்றிய விமர்சனங்கள் எழுந்ததால் சில நாள்களிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. அது நடைமுறைக்கு வந்திருந்தாலும் பழைய ஆவணங்களில் உள்ள எழுத்து மாறியிருக்காது. ஆய்வாளர் ஒப்பிட வேண்டிய வடிவங்களில் மேலும் ஒன்று கூடியிருக்கும்.

எழுத்தைச் சாராத எண்ணே நிலையான இணைப்பைத் தருகிறது. 2011 கணக்கெடுப்பு ஒவ்வொரு ஊருக்கும் ஆறிலக்க எண்ணைக் கொடுத்தது. மத்திய ஊராட்சி அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவு ஒவ்வொரு ஊருக்கும் ஒரு குறியீட்டெண்ணைத் தந்து, 2011 கணக்கெடுப்பின் எண்ணையும் அருகே காட்டுகிறது. புதிய பட்டியல்களை இணைப்பவர்கள் பெயரை விட்டு இந்த எண்ணைப் பயன்படுத்தலாம். ஆனால் 1774ஆம் ஆண்டு ஆவணத்திலோ, 1990களின் நிலமெடுப்பு அறிவிப்பிலோ இந்த எண் இல்லை. அவற்றை எண்ணோடு சேர்க்கும் முதல் இணைப்பைப் பெயர், அண்டை ஊர், பரப்பு, புல எண் ஆகியவற்றைக் கொண்டே ஒருவர் செய்ய வேண்டியுள்ளது.

அந்த முதல் இணைப்பைச் செய்யும்போது மூலத்தில் உள்ள எழுத்தை அப்படியே ஒரு தனிப் பத்தியில் வைத்திருப்பது நல்ல நடைமுறை. திருத்திய பெயர், சாவி, ஊர் எண், இணைப்புக்கு ஆதாரமான சான்று ஆகியவை அடுத்தடுத்த பத்திகளில் இடம்பெறும். பெயரால் மட்டும் இணைந்தது, பரப்பாலும் உறுதியானது, புல எண்களால் உறுதியானது என்று சான்றின் தரத்தையும் குறிக்க வேண்டும். பின்னர் வருபவர் ஐயமுள்ள வரிகளை மட்டும் மீண்டும் ஆராய இது உதவும்.

இவ்வட்டாரத்தில் இந்த வேலைக்கு ஒரு காலக்கெடுவும் உண்டு. அண்டை ஊர்களின் எல்லை, ஏரிக்கரை, குக்கிராமத்தின் பழைய பெயர் ஆகியவை நிலத்தில் தெரியும் வரையில்தான் அவை சான்றாக நிற்கும். இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010க்குப் பின் அடுத்தடுத்து வாகனத் தொழிற்சாலைகள் எழுந்தன. பல புல எண்கள் ஒரே மதில் சுவருக்குள் சென்றுவிட்டன. அங்கே வரப்பும் வாய்க்காலும் இப்போது இல்லை. எந்த நிலம் எந்த ஊரைச் சேர்ந்தது என்பதற்கு எஞ்சியிருப்பவை புலப்படமும், அ-பதிவேடும், பழைய கணக்குகளும், அவற்றில் வெவ்வேறு எழுத்துகளில் எழுதப்பட்ட ஊர்ப்பெயர்களுமே.